அளக்காமல் இரண்டாக்குதல்

கோணமானியை வைத்து 70 பாகையை 35 ஆக்குபவருக்கும், அதே வேலையைக் கவராயத்தால் செய்பவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கவராயக்காரருக்கு அது 70 பாகை என்று தெரியவே வேண்டியதில்லை. பாகை என்ற ஒன்று இருப்பதே தெரியாவிட்டாலும் வேலை நடக்கும். யாரோ கிறுக்கிவைத்த, பெயரில்லாத ஒரு கோணத்தைக் கொடுத்தாலும் மூன்று வில், ஒரு கோடு, அவ்வளவில் அது இரண்டு சமபாகமாகிவிடும்.

பள்ளி நோட்டுகளில் இது எப்படி நடக்கும் என்பது தெரிந்ததுதான். கோணத்தின் உச்சியை அ என்போம். அங்கே கவராயத்தின் ஊசியை ஊன்றி, இரு கைகளையும் வெட்டும்படி ஒரு வில் வரைகிறோம். வெட்டிய இடங்கள் க, ச. பிறகு க-வில் ஊசியை வைத்துக் கோணத்துக்குள் ஒரு வில், அளவை மாற்றாமல் ச-வில் வைத்து இன்னொரு வில். இரண்டும் சந்திக்கும் இடம் ப. அ-வையும் ப-வையும் கோடில்லாத அளவுகோலால் சேர்த்தால் முடிந்தது. முதல் வில்லுக்கும் பின்னிரண்டு வில்களுக்கும் ஒரே ஆரம் வேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டாயம் இல்லை. க, ச என்ற இரண்டு இடங்களிலும் ஒரே அளவு இருந்தால் போதும். ஆரம் மூன்றிலும் ஒன்றாக இருந்தால் கிடைப்பது சாய்சதுரம். வேறாக இருந்தால் பட்டம் போன்ற நாற்கரம். எதுவானாலும் அதன் நடுக்கோடு கோணத்தைச் சரிபாதியாகத்தான் வெட்டும்.

இந்த வேலை கி.மு. 300 வாக்கில் எழுதப்பட்ட யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பாகத்தில் ஒன்பதாவதாக வருகிறது. அவர் பின்னிரண்டு வில்லை நாம் செய்வதுபோல் நினைத்த ஆரத்தில் போடுவதில்லை. க, ச இரண்டையும் சேர்த்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு சமபக்க முக்கோணம் எழுப்புகிறார். அந்த முக்கோணத்தின் மூன்றாவது முனைதான் ப. சமபக்க முக்கோணம் வரைவது அவர் நூலின் முதல் வேலை. அதை ஏற்கெனவே நிறுவியாகிவிட்டது. கையில் இருப்பதை வைத்துத்தான் அடுத்ததைக் கட்ட வேண்டும் என்ற அவருடைய கண்டிப்பு இங்கே தெரிகிறது. நமக்குச் சமபக்கம் தேவையில்லை, இருசமபக்கம் போதும். ஆனால் யூக்ளிடின் கிடங்கில் அப்போது இருந்தது சமபக்க முக்கோணம்தான்.

இனி, ஏன் இது சரியாக வருகிறது? படத்தில் இரண்டு முக்கோணங்கள் ஒளிந்திருக்கின்றன: அகப, அசப. அக-வும் அச-வும் சமம், ஏனென்றால் இரண்டும் ஒரே வில்லின் ஆரங்கள். கப-வும் சப-வும் சமம், ஏனென்றால் கவராயத்தின் அளவை நாம் மாற்றவில்லை. அப என்ற பக்கம் இரண்டு முக்கோணங்களுக்கும் பொது. மூன்று பக்கமும் மூன்று பக்கத்துக்குச் சமமாகிவிட்டதால் முக்கோணங்கள் சர்வசமம். ஆகவே அ-வில் உள்ள இரண்டு கோணங்களும் சமம். பாடநூல்கள் ப-ப-ப என்று சுருக்கி எழுதும் விதி இதுதான்.

இந்தக் காரணத்தில் ரசிக்க வேண்டியது, கோணம் பற்றிய பேச்சே கடைசி வரியில்தான் வருகிறது என்பது. கவராயத்துக்குக் கோணம் தெரியாது, நீளம் மட்டுமே தெரியும். நீளங்களை மட்டும் சமப்படுத்தி, கோணத்தை வேறு வழியில்லாமல் சமமாக வைக்கிறது இந்த வேலை.

ப-ப-ப விதியை நம்பாத ஒருவர் இருந்தால் அவருக்கும் ஒரு வழி உண்டு. க-வையும் ச-வையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். அகச என்பது இருசமபக்க முக்கோணம்; அதன் அடிக்கோணங்கள் சமம். பகச என்பதும் இருசமபக்கம். அதன் அடிக்கோணங்களும் சமம். க-வில் உள்ள இரண்டு கோணத்துண்டுகளைச் சேர்த்தால் வருவதும், ச-வில் உள்ள இரண்டைச் சேர்த்தால் வருவதும் ஆக ஒன்றே. இப்போது இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடையே உள்ள கோணமும் சமமாகிவிட்டதால், சர்வசமத்துக்கு மிக எளிய விதியே போதும். யூக்ளிட் ப-ப-ப விதியைத் தம் எட்டாவது கூற்றில் சுற்றுவழியில், எதிர்மறையாக வாதாடி நிறுவினார். அதற்கு ஃபிலோவின் வழியினர் நேர்வழி நிரூபணம் ஒன்று கொடுத்ததாக 5-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய புரோக்ளஸ் சொல்கிறார். இரண்டு முக்கோணங்களையும் ஒரு பொதுப்பக்கத்தின் இருபுறமும் ஒட்டிவைத்து, இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்களைக் கொண்டு முடிக்கும் வழி அது. நம் படத்தில் அந்த இரண்டு முக்கோணங்களும் அப-வின் இருபுறமும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன.

அதே புரோக்ளஸ் இந்த ஒன்பதாவது கூற்றுக்கு ஒரு வம்பரை வரவழைக்கிறார். சமபக்க முக்கோணத்தை உச்சிக்கு எதிர்ப்பக்கத்தில் எழுப்ப வேண்டும் என்று யூக்ளிட் வார்த்தையில் சொல்லவில்லை, படத்தில் மட்டும் காட்டியிருக்கிறார். கச கோட்டுக்கு அந்தப்பக்கம் இடமே இல்லை என்று ஒருவர் அடம்பிடித்தால் என்ன செய்வது? உச்சியின் பக்கமே முக்கோணத்தை எழுப்ப வேண்டியதுதான் என்கிறார் புரோக்ளஸ். அப்போது அதன் முனை உச்சிக்கு மேலே விழலாம், கீழே விழலாம், உச்சியிலேயே விழலாம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். வம்பு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் கேள்வி வீணல்ல. கோணம் சரியாக 60 பாகை என்றால் அகச-வே சமபக்க முக்கோணமாகிவிடும். உச்சியின் பக்கம் எழுப்பிய முனை அ-வின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு கோடு போட முடியாது. மற்ற கோணங்களில் எந்தப்பக்கம் முனை விழுந்தாலும் அது நடுக்கோட்டின் மேல்தான் விழும். அதனால் காகிதத்தின் ஓரத்தில் கோணம் வரையப்பட்டு உள்பக்கம் இடமில்லாமல் போனால், வில்களை உச்சியின் பின்புறம் சந்திக்கவிட்டு, கோட்டை நீட்டிக்கொள்ளலாம்.

இதுவரை பேசியது, தடிமனில்லாத கோடுகளும் நடுங்காத கைகளும் உள்ள உலகம். பென்சிலால் வரையும்போது கதை மாறுகிறது.

ஒரு 70 பாகைக் கோணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வில்லின் ஆரம் 6 சென்டிமீட்டர், அடுத்த இரண்டும் 5 சென்டிமீட்டர். ச-வில் ஊசியை வைக்கும்போது கவராயத்தின் மறை தளர்ந்து 1 மில்லிமீட்டர் விரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நடுக்கோடு சுமார் அரைப் பாகை சாய்கிறது. அதே கோணத்தில் முதல் ஆரத்தை 2 சென்டிமீட்டராகவும் அடுத்தவற்றை ஒன்றரை சென்டிமீட்டராகவும் சுருக்கினால், அதே 1 மில்லிமீட்டர் பிசகு சுமார் ஒன்றரைப் பாகையாகிவிடுகிறது. கவராயத்தை அகலமாக விரிக்கத் தயங்கி உச்சிக்குப் பக்கத்திலேயே சின்னதாக வில் போடுவதுதான் மாணவர்களின் படம் கோணலாவதற்கு முதல் காரணம். முதல் வில் பெரிதாக இருக்க வேண்டும்.

இரண்டாம் ஜோடி வில்லுக்கு இது பொருந்தாது என்பது வேடிக்கை. குறுகிய கோணம், 10 பாகை என்று வையுங்கள். 6 சென்டிமீட்டர் வில் போட்டாலும் க-வுக்கும் ச-வுக்கும் இடையே 1 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமே இருக்கும். இப்போது 5 சென்டிமீட்டர் ஆரத்தில் பின்னிரண்டு வில்லைப் போட்டால் அவை ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டதுபோல் கிடைமட்டமாக உரசிப்போகும். வெட்டும் புள்ளி எது என்று கண்ணால் பிடிக்க முடியாமல், பக்கவாட்டில் நீண்ட ஒரு கறையாகத் தெரியும். அந்தப் பக்கவாட்டுதான் ஆபத்து. முன்சொன்ன 1 மில்லிமீட்டர் பிசகு இங்கே கோட்டை ஏறக்குறைய இரண்டரைப் பாகை திருப்பிவிடும். வர வேண்டியதே 5 பாகைதான்! ஆரத்தை முக்கால் சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்தால் வில்கள் கூட்டல்குறிபோல் குறுக்கே வெட்டும். அதே பிசகு முக்கால் பாகைக்குள் அடங்கும்.

ஆரத்தை இன்னும் குறைத்து, கச-வின் பாதியைச் சற்றே தாண்டும் அளவுக்குக் கொண்டுவந்தாலும் வில்கள் உரசத்தான் செய்யும். ஆனால் இப்போது கறை நடுக்கோட்டின் திசையிலேயே நீளும். புள்ளி கோட்டின் மேலே கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால் கோட்டின் சாய்வுக்கு ஒன்றும் ஆகாது. ஒரேமாதிரி தோன்றும் இரண்டு மங்கல்களில் ஒன்று கெடுப்பது, மற்றது கெடுக்காதது. யூக்ளிடின் சமபக்க முக்கோணம் இரண்டுக்கும் நடுவே, வில்கள் 60 பாகையில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பாதுகாப்பாக நிற்கிறது. அவர் அதற்காக அதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும், வரைபவருக்கு லாபம்தான்.

சரியாக வந்ததா என்று பார்க்கக் கோணமானி தேவையில்லை. க-விலும் ச-விலும் வேறோர் ஆரத்தில் இன்னொரு ஜோடி வில் போட்டால் போதும். புதிய சந்திப்பும் ஏற்கெனவே போட்ட கோட்டின் மேலேயே விழ வேண்டும். தள்ளி விழுந்தால் எங்கோ கவராயம் நழுவியிருக்கிறது.

பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கிப் போகலாம் என்பதால் நான்கு, எட்டு, பதினாறு பங்குகள் எளிது. ஆர்க்கிமிடீஸ் வட்டத்தின் சுற்றளவை நெருங்கிப் பிடித்தது இந்தப் பாதியாக்கலை நம்பித்தான். 30 பாகையில் தொடங்கி நான்கு முறை பாதியாக்கி, 96 பக்க உருவம் வரை போனார். பையின் மதிப்பு மூன்றும் ஏழில் ஒன்றும், அதாவது 22/7-ஐ விடக் குறைவு என்பது அதில் கிடைத்தது. அவர் அத்தனையையும் வரைந்து அளக்கவில்லை, பக்கங்களின் விகிதத்தைக் கணக்கிட்டார். வரைந்திருந்தால் பென்சில் தடிமனே கணக்கை விழுங்கியிருக்கும்.

மூன்று பங்கு அப்படி மசியவில்லை. 60 பாகையைக் கவராயத்தாலும் கோடில்லாத அளவுகோலாலும் மூன்றாகப் பிரிக்க முடியாது என்று பிரெஞ்சுக்காரர் பியர் வான்ட்செல் 1837-இல் நிறுவினார். இருந்தாலும் ஒரு குறும்பு வழி இருக்கிறது. காலும், அதன் காலும், அதற்கும் காலும் என்று கூட்டிக்கொண்டே போனால் மூன்றில் ஒன்றை நெருங்கலாம். 60 பாகையில் கால் 15, அதன் கால் 3.75, அதற்கும் கால் 0.9375. மூன்றையும் சேர்த்தால் 19.6875. ஆறு முறை பாதியாக்கியதில் கிடைத்த இந்தக் கோணத்துக்கும் 20 பாகைக்கும் உள்ள இடைவெளி மூன்றில் ஒரு பாகைகூட இல்லை. தளர்ந்த மறையுள்ள கவராயம் ஒரே வில்லில் செய்யும் தவறைவிட அது குறைவு. காகிதத்தைப் பார்ப்பவருக்கு மூன்று பங்கும் சமமாகத்தான் தெரியும். ஆனால் எத்தனை முறை தொடர்ந்தாலும், வான்ட்செல் காட்டியபடி, கணக்கில் ஒரு துண்டு மீந்துகொண்டேயிருக்கும்.