முதல் பொம்மையின் நிறமும் துணியும்

குழந்தையின் தோல் நிறத்தை ஒத்த பொம்மையையே முதலில் வாங்கித் தரவேண்டும் என்போர் பெரும்பாலும் சான்றாகக் காட்டுவது, அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் 1947இல் வெளியிட்ட ஆய்வையாகும். தோல் நிறமும் முடி நிறமும் தவிர மற்றெல்லா வகையிலும் ஒன்றுபோலிருந்த பொம்மைகளை, மூன்று முதல் ஏழு வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டியபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையையே கேட்டனர். நிறத்தைப் பற்றிய சமூகத்தின் மதிப்பீடு மூன்று வயதிலேயே குழந்தையிடம் குடியேறத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் மாநிறப் பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்தால் அம்மதிப்பீடு மாறிவிடும் என்று இந்த ஆய்வு காட்டவில்லை. அதை அது சோதிக்கவே இல்லை. கறுப்பைக் குறைத்துப் பேசும் வீட்டில் ஒரு பொம்மையால் ஆவது சிறிதே. ஆகவே சிவந்த நிறப் பொம்மைகளே மிகுந்துள்ள தமிழகக் கடைகளில் மாநிறப் பொம்மையைத் தேடி வாங்குவது நியாயமானதே என்றாலும், வெவ்வேறு நிறமுடைய இரண்டு பொம்மைகளை ஒன்றாகத் தருவது, எல்லா நிறமும் இயல்பு என்பதை இன்னும் தெளிவாக உணர்த்தும்.

நிறத்தை மட்டும் நோக்குவோர் கவனிக்கத் தவறுவது, நிறமும் மென்மையும் துவைப்பும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்பதை. வினைல் எனப்படும் நெகிழிப் பொம்மையில் நிறம் பொருளோடு கலந்திருப்பதால் அது கழுவினால் போகாது. ஆனால் அணைத்துக்கொண்டு உறங்க அதன் தலை கடினமானது. துணிப் பொம்மை மென்மையானது. ஆயினும் அதன் பழுப்பு நிறம் சாயத்தால் வருவது என்பதால், சாயம் சரியாகப் பிடிக்காத துணி முதல் துவைப்பிலேயே வெளுத்து, வெளிர் நிறச் சட்டையிலும் கறையாகப் படியும். ஈரமான வெள்ளைத் துணியால் பொம்மையின் முதுகில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் இக்குறை வாங்கும்போதே தெரிந்துவிடும். உள்ளே இலவம் பஞ்சு இருந்தால் துவைத்ததும் கட்டிபட்டுவிடும் என்பதால், செயற்கை இழையான பாலியெஸ்டர் பஞ்சே துவைப்பதற்கு ஏற்றது. கண்கள் மணியாகவோ பொத்தானாகவோ இருந்தால், அவை கழன்று தொண்டையில் சிக்கக்கூடும். நூலால் தைத்த கண்களுக்கு அந்த ஆபத்து இல்லை.

ஆடையைப் பொறுத்தவரை, பின்புறம் முழுவதும் திறந்து வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டையால் மூடும் பருத்திச் சட்டை சிறந்தது. சிறு பொத்தானோடு போராட வேண்டியிராமல் குழந்தை தானே கழற்றி மாட்டலாம். எனினும் பட்டையின் கொக்கிப் பக்கம் பொம்மையின் நூல் முடியைப் பிடித்து இழுக்கும். துவைக்கும்போது திறந்து கிடந்தால் மற்றத் துணிகளின் இழைகளையும் பிரித்துவிடும். எனவே அதை மூடிய பிறகே துவைக்க வேண்டும். பொம்மையின் உடலைத் தனியே கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து காற்றோட்டத்தில் உலர்த்திய பின், கழுத்தையும் இடுப்பையும் விரலால் அழுத்திப் பார்ப்பது நல்லது. மேல்துணி காய்ந்தபின்னும் அங்கேதான் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.