அம்புக்குறிக்கு ஒரு வினைச்சொல்

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் 'கோட்பாட்டுச் சட்டகம்' என்ற தலைப்பின்கீழ் பல நேரம் கிடைப்பது படித்த குறிப்புகளின் வரிசைதான். மகளிர் சுய உதவிக் குழுக்களும் சமூக மூலதனமும் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். பூர்தியூ (1986), கோல்மன் (1988), புட்னம் (2000) ஆகியோருக்கு ஆளுக்கொரு பத்தி. கடைசியில் "இவற்றின் அடிப்படையில் இவ்வாய்வு அமைகிறது" என்று ஒரு வாக்கியம்.

இந்த மூவரையும் அப்படி ஒன்றாக உட்கார வைக்க முடியாது. பூர்தியூவுக்குச் சமூக மூலதனம் என்பது ஒருவர் தம் தொடர்புகள் வழியே எட்டக்கூடிய வளம். ஏற்றத்தாழ்வு நீடிக்க அதுவும் ஒரு காரணம். புட்னமுக்கு அது ஊரின் பொதுச்சொத்து: நம்பிக்கை, வலைப்பின்னல், பரஸ்பர உதவி. கோல்மன் அதை அதன் பயனைக் கொண்டு வரையறுத்தார். அதனால் வந்த சிக்கலை 1998இல் போர்ட்டஸ் எடுத்துக்காட்டினார்: வளத்தையும் அதைப் பெறும் திறனையும் பிரிக்காவிட்டால் வாதம் வட்டமடிக்கும். கடன் கிடைத்ததால் மூலதனம் இருக்கிறது, மூலதனம் இருப்பதால் கடன் கிடைத்தது என்றாகிவிடும்.

வரையறை எழுதும் வேலையின் உண்மையான பலன் இங்கேதான். ஆய்வாளர் இப்படி எழுதுகிறார்: "சமூக மூலதனம் என்பது குழுவில் இருப்பதால் பிறரிடம் கேட்டுப் பெற முடிகிற நிலை, கைக்கு வந்த கடன் இதில் சேராது." உடனே களக்கேள்வியும் பிறக்கிறது: திடீர்ச் செலவு வந்தால் குழுவில் யாரிடம் கேட்பீர்கள்? இந்த வரையறைக்கு உதவாத குறிப்புகள், புட்னமின் ஊர்நம்பிக்கை உட்பட, தனிக் கோப்புக்குப் போகலாம். சட்டகத்தை விளக்கும் படமும் சுருங்கிவிடும்:

குழு உறவு —(வழிவிடுகிறது)→ கேட்டுப் பெறும் நிலை —(கூட்டுகிறது)→ கடன் வாய்ப்பு

ஒவ்வொரு அம்பும் களத்தில் சோதிக்க வேண்டிய ஒரு கூற்று. அம்பின் மேல் வினைச்சொல் எழுத முடியவில்லையென்றால் அங்கே கூற்றே இல்லை என்று பொருள். மேற்பார்வையாளர்கள் கேட்பதற்காக வரையும் படங்களில் பாதி இந்தச் சோதனையில் தேறாது என்பது என் கணிப்பு.

ஆனால் இதே படம் ஏமாற்றவும் செய்யும். கடன் பெற்ற பெண்ணுக்கு ஊரில் மதிப்பு கூடுகிறது, மதிப்பு புது உறவைக் கொண்டுவருகிறது. ஒருவகை மூலதனம் இன்னொன்றாக மாறும் இந்தச் சுழற்சிதான் பூர்தியூவின் வாதத்தின் மையம். இடமிருந்து வலம் ஓடும் அம்பு அதை மறைத்துவிடுகிறது. சாதியின் கதி இன்னும் மோசம். 'பின்னணிக் காரணி' என்று ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடுவார்கள். யார் யாரிடம் கேட்கலாம் என்பதையே அது தீர்மானிக்கும் ஊரில், அது இரண்டு அம்புகளின்மேலும் நிற்க வேண்டும்.

எனவே படத்தை எப்போது வரைவது என்பது ஆய்வு முறையைப் பொறுத்தது. வினாத்தாள் வழி கணக்கெடுக்கும் ஆய்வுக்கு முன்கூட்டியே வரைந்த சட்டகம் அவசியம். வரையறை இல்லாமல் கேள்வியே எழுத முடியாது. பெண்களிடம் நீண்ட உரையாடல் நடத்தும் ஆய்வுக்கு வரையறையை முதலில் எழுதிக்கொண்டு, முதல் சுற்று நேர்காணல் முடிந்தபின் படத்தை வரையுங்கள். திருத்திய படங்களையும் தேதியிட்டுப் பின்னிணைப்பில் சேருங்கள்.