கடிகாரம் தேர்ந்த அறுவர்

குறுவட்ட அளவில் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் தடகளப் போட்டிகளில், நூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல இடங்களில் கடிகாரத்திடமே முழுவதுமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தகுதிச் சுற்று எத்தனை ஹீட்ஸாக ஓடப்பட்டாலும், ஒவ்வொரு ஹீட்ஸிலும் ஓடியவர்களுடைய நேரங்களை ஒரே தாளில் ஏறு முகமாக எழுதி, மைதானத்தில் ஆறு ஓடுபாதைகள் இருக்குமானால் மிகக் குறைந்த ஆறு நேரங்களுக்கு உரிய பிள்ளைகளை ஒலிபெருக்கியில் அழைத்துவிடுவதே அம்முறை. அவரவர் தத்தம் ஹீட்ஸில் முதலாவதாக வந்தாரா, நான்காவதாக வந்தாரா என்பதை அம்முறை கேட்பதில்லை. கேட்பவர்க்கு இது நியாயமாகவே தோன்றும். வேகமாக ஓடியவன் இறுதிக்குப் போகிறான், இதில் பிழை எங்கே என்றுதான் பலரும் கேட்பார்கள்.

அம்முறையின் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. ஒரு பிரிவில் 48 மாணவர்கள் பெயர் கொடுத்திருந்தால் ஆறு பாதைகளில் எட்டு ஹீட்ஸ் ஓட வேண்டும். எட்டு ஹீட்ஸில் முதலிடம் பெற்றவர்கள் எட்டுப் பேர். இறுதி ஓட்டத்திலோ ஆறு இடங்களே உண்டு. ஆகவே ஸ்தானத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதானால் நடுவில் ஓர் அரையிறுதிச் சுற்று தவிர்க்க முடியாததாகிறது. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என்னும் மூன்று பிரிவுகளும் ஆண், பெண் என இரட்டிக்கும்போது ஆறாகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று அரையிறுதி ஓட்டங்கள், ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்று கணக்கிட்டால், நூறு மீட்டர் ஒன்றுக்கே தொண்ணூறு நிமிடங்கள் கூடுதலாகச் செலவாகும். மாலை ஐந்து மணிக்குள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றியாக வேண்டிய உடற்கல்வி ஆசிரியருக்கு அந்தத் தொண்ணூறு நிமிடம் எவ்வளவு பெரிது என்பது அப்பணியைச் செய்து பார்த்தவர்களுக்கே தெரியும். மேலும், நல்ல ஓட்டக்காரர்கள் மூவர் ஒரே ஹீட்ஸில் அகப்பட்டுக்கொண்டால், ஸ்தான முறையில் மூன்றாமவனுக்கு நேரும் அநீதியை நேர முறை நீக்குகிறது என்பதும் மெய்யே.

ஆனால் இந்த நன்மைகள் அனைத்தும் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன: வெவ்வேறு ஹீட்ஸில் எடுக்கப்பட்ட நேரங்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும். மின்னணுக் கருவி உள்ள அரங்கில் அது இயல்பாகவே கைகூடுகிறது. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தப்படும் பள்ளி மைதானத்தில் அது கைகூடுவதில்லை என்பதே என் அபிப்பிராயம். அதற்கு நான் அருகிருந்து பார்த்த ஒரு போட்டியையே சாட்சியாகச் சொல்கிறேன்.

பதினேழு வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கான நூறு மீட்டர். பதினெட்டுப் பேர், மூன்று ஹீட்ஸ். முதல் ஹீட்ஸில் முதல் மூவரின் நேரங்கள் 12.0, 12.1, 12.3. இரண்டாவதில் 12.1, 12.2, 12.4. மூன்றாவது ஹீட்ஸ் தொடங்கும் வேளையில் ஸ்டார்ட்டரின் கைத்துப்பாக்கிக்கு உரிய கேப்புகள் தீர்ந்துபோயின. கிளாப்பர் பலகை எங்கேயோ உயரம் தாண்டும் இடத்தில் கிடந்தது. காத்திருக்க மனமில்லாமல், அவர் கழுத்தில் தொங்கிய விசிலை ஊதியே ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த ஹீட்ஸில் பதிவான நேரங்கள் 11.8, 11.9, 12.0, 12.0. முடிவுக் கோட்டருகே நின்ற நாங்கள் அனைவரும், மூன்றாவது ஹீட்ஸில் நல்ல பையன்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தோமே ஒழிய, வேறொன்றையும் எண்ணவில்லை.

நடந்தது என்னவென்றால், துப்பாக்கியின் புகையைக் கண்ணால் கண்டு கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பது விதி. கிளாப்பரிலும் பலகைகள் மோதுவதைக் கண் காண்கிறது. விசிலுக்கோ காணத்தக்க அடையாளம் ஏதுமில்லை. நேரக் காப்பாளர் ஒலி காதுக்கு எட்டிய பிறகே அழுத்த முடியும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவரை அடைய அதற்குச் சுமார் 0.3 நொடி ஆகிறது. ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் நின்ற பையன்கள் ஓடத் தொடங்கி 0.3 நொடி கழிந்த பின்னரே நேரக் காப்பாளர் அறுவரின் கடிகாரங்களும் ஓடத் தொடங்கின. ஆக, அந்த ஹீட்ஸில் ஓடிய ஒவ்வொருவனுக்கும் 0.3 நொடி இனாமாகக் கிடைத்துவிட்டது.

இனித் தேர்வைப் பாருங்கள். 11.8, 11.9, 12.0, 12.0 என்று மூன்றாவது ஹீட்ஸிலிருந்து நால்வர். முதல் ஹீட்ஸில் முதலாவதாக வந்தவன் 12.0. ஐந்து இடம் நிரம்பியது. ஆறாவது இடத்துக்கு 12.1 என்னும் ஒரே நேரத்தில் இருவர்: முதல் ஹீட்ஸில் இரண்டாவதாக வந்தவனும், இரண்டாவது ஹீட்ஸில் முதலாவதாக வந்தவனும். சீட்டுக் குலுக்கினார்கள். தன்னோடு ஓடிய ஐவரையும் முந்தி நாடாவைத் தொட்ட பையன் வெளியே போனான். தன் ஹீட்ஸில் நான்காவதாக வந்தவன் ஒருவன் இறுதி ஓட்டத்தில் நின்றான்.

பிழை வெளிப்பட்டது இறுதி ஓட்டத்தில்தான். அதற்குள் கேப்புகள் வந்துவிட்டன. முதல் ஹீட்ஸைச் சேர்ந்த இருவரும் முன்போலவே 12.0, 12.1 என்று ஓடி முதலிரண்டு ஸ்தானங்களைப் பெற்றார்கள். மூன்றாவது ஹீட்ஸ்காரர்கள் நால்வரும் 12.1, 12.2, 12.3, 12.4 என்று தங்கள் பழைய நேரத்தைவிட 0.3, 0.4 நொடி பின்தங்கினார்கள். ஒருவன் பின்தங்கினால் களைப்பு என்று சொல்லலாம்; ஒரே ஹீட்ஸைச் சேர்ந்த நால்வரும் ஒரே அளவாகப் பின்தங்கினால், பிழை அவர்கள் கால்களில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹீட்ஸின் நேரங்கள் முழுவதும் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் நகர்ந்திருப்பதே இந்நோயின் பிரதான அறிகுறி.

விசில் ஊதியது ஒரு விபத்து, அதைக் கொண்டு முறையையே பழிக்கலாமா என்று கேட்கலாம். விசில் இல்லாத ஹீட்ஸிலும் குறை இருக்கத்தான் செய்கிறது. ஒரே ஓட்டக்காரனை மூன்று கடிகாரங்கள் அளக்க வேண்டும். இரண்டு ஒத்துவந்தால் அதையும், மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆறு பேருக்கும் இதைச் செய்யப் பதினெட்டு நேரக் காப்பாளர்கள் வேண்டும். பள்ளிப் போட்டியில் ஆறு பேர் கிடைத்தாலே பாக்கியம். ஆகவே ஒவ்வொரு ஸ்தானத்துக்கும் ஒரே கடிகாரம், ஒரே விரல். முதலாவதாக வருபவனை அளப்பவர் அநுபவசாலியாகவும், நான்காவதாக வருபவனை அளப்பவர் அன்றுதான் ஸ்டாப்வாட்சைக் கையில் வாங்கிய கணித ஆசிரியராகவும் இருப்பதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். இருவருடைய எண்களையும் ஒரே தாளில் எழுதி 0.1 நொடி வித்தியாசத்தைக் கொண்டு ஒரு பிள்ளையைச் சேர்த்து இன்னொரு பிள்ளையைத் தள்ளுவது, அளவுகோலால் தாங்க முடியாத சுமையை அதன்மேல் ஏற்றுவதாகும். பின்னாலிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டர் வேகமாயிருந்தால், அதுவே சுமார் 0.1 நொடி கொடுத்துவிடுகிறது. காற்றை அளக்கும் கருவியோ நம் மைதானங்களில் கிடையாது.

இதைவிட மோசமான வழக்கம் ஒன்று உண்டு. டிஜிட்டல் கடிகாரம் 12.08 என்று காட்டினால் அதை அப்படியே எழுதி, 12.11 எடுத்தவனுக்கு மேலே வைத்துவிடுகிறார்கள். கையால் எடுத்த நேரத்தை நூறில் ஒரு பங்குவரை எழுதலாகாது; அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு உயர்த்தியே எழுத வேண்டும். 12.08 என்பது 12.1, 12.11 என்பது 12.2, மிகச் சரியாக 12.10 என்று நின்றால் மட்டுமே 12.1. மூன்று கடிகாரங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் இவ்வாறு உயர்த்திய பிறகே நடுவதை எடுக்க வேண்டும். சராசரி காண்பது கூடாது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி, 55.41 நொடியில் ஓடிய ருமேனிய வீராங்கனையிடம் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். அந்த வித்தியாசத்தைக் கண்டது முடிவுக் கோட்டுப் படக்கருவி. அதே ஓட்டத்தைக் கையால் அளந்திருந்தால், விரலில் யாதொரு பிழையும் நேராவிட்டாலும், இருவருக்கும் 55.5 என்றே எழுதியிருக்க வேண்டும். நம் விரல்கள் நூறில் ஒரு பங்கைக் காண்பதாகப் பாவனை செய்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

ஸ்தான முறைக்கு இந்தத் துன்பங்கள் இல்லை. ஒரே ஹீட்ஸில் ஓடியவர்கள் அறுவருக்கும் ஒரே ஒலி, ஒரே காற்று, ஒரே தரை. யார் முன், யார் பின் என்பதை முடிவுக் கோட்டில் நிற்கும் நடுவர்களின் கண்ணே தீர்மானிக்கிறது. தலையும் கையும் கணக்கில்லை, மார்பும் உடற்பகுதியும் கோட்டை எட்டியதே கணக்கு. என் மைதானத்தில் மூன்று ஹீட்ஸிலும் முதலிருவரை எடுத்திருந்தால், விசிலால் யாருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்திருக்காது. வலியவர்கள் ஒரே ஹீட்ஸில் குவியும் குறையை ஓட்டத்துக்குப் பின் கடிகாரத்தால் தீர்ப்பதைவிட, ஓட்டத்துக்கு முன் பட்டியலால் தீர்ப்பதே மேல். பெயர்ப் படிவத்தில் ஒவ்வொருவருடைய பள்ளி அளவிலான நேரத்தையும் கேட்டு வாங்கி, முதல் மூவரை 1, 2, 3 என்றும் அடுத்த மூவரை 3, 2, 1 என்றும் வளைத்து வளைத்து ஹீட்ஸ்களில் பிரித்தால் போதும். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக விழாமல் பிறகு சரிபார்க்கலாம்.

எட்டு ஹீட்ஸ் உள்ள பிரிவில் ஒவ்வொன்றிலும் முதலிருவர், எஞ்சியவர்களுள் நேரத்தால் இருவர் என்று பதினெண்மரை மூன்று அரையிறுதிகளுக்கு எடுத்து, அங்கே முதலிருவர் வீதம் அறுவரைத் தேர்ந்துகொள்ளலாம். நேரம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு இடங்களை மட்டுமே அது தீர்மானிக்கிறது, எந்த ஹீட்ஸின் வெற்றியாளனையும் அது வெளியே தள்ளுவதில்லை. அந்த அளவுக்கு மட்டுமே கைக்கடிகாரத்தை நம்பலாம்.

பதிவைப் பற்றி ஒன்று. ஸ்தானத்தை எழுதும் தாளும் நேரத்தை எழுதும் தாளும் வெவ்வேறாக, வெவ்வேறு கைகளில் இருக்க வேண்டும். நேரக் காப்பாளர் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் முன்பே தம் கடிகாரம் காட்டிய எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தலைமை நேரக் காப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டார்ட்டர் எதைக் கொண்டு தொடங்கினார் என்பதையும் ஹீட்ஸ் தாளின் தலைப்பில் குறிக்க வேண்டும். எங்கள் தாளில் 'விசில்' என்னும் ஒரு சொல் இருந்திருந்தால், சீட்டுக் குலுக்கும் முன் யாரேனும் ஒருவர் கை உயர்த்தியிருப்பார்.

நூறு மீட்டருக்குக் கடைசி ஹீட்ஸ் முடிந்து அடுத்த சுற்று தொடங்க 45 நிமிடமாவது இடைவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடைவெளியில் குண்டு எறிதலும் நீளம் தாண்டுதலும் நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே அடுத்த குறுவட்டப் போட்டிக்குக் கால அட்டவணை தயாரிக்க அமரும் உடற்கல்வி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வது இதுவே: அரையிறுதிக்கு உரிய அந்தத் தொண்ணூறு நிமிடத்தை முதலில் எழுதிவிட்டு, மற்ற நிகழ்ச்சிகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.