சிரிஞ்ச் லிஃப்ட்: காட்டுவதும் மறைப்பதும்

மெக்கானிக்கல் வகுப்புகளில் ஹைட்ராலிக் பாடத்துக்கு மாணவர்கள் வழக்கமாகச் செய்வது சிரிஞ்ச் லிஃப்ட். 5 மில்லி சிரிஞ்சையும் 20 மில்லி சிரிஞ்சையும் மெல்லிய குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்புவார்கள். சின்னதை அழுத்தினால் பெரியது எழும்பும். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை இவ்வளவு எளிதாகக் கண்ணுக்குக் காட்டும் கருவி வேறு இல்லை. கணக்கில்தான் சிக்கல்.

இருபதை ஐந்தால் வகுத்து, "விசை நான்கு மடங்கு" என்று எழுதிவிடுகிறார்கள். சிரிஞ்சில் அச்சிட்டிருப்பது கொள்ளளவு. விசையைத் தீர்மானிப்பது பிஸ்டனின் பரப்பு. பெரிய சிரிஞ்ச் அகலத்தோடு நீளமும் கூடியது. உள்விட்டம் 12, 20 மில்லிமீட்டர் என்று வெர்னியரில் வந்தால், பரப்புகள் 1.13, 3.14 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் மடங்கு 2.8தான். விட்டத்தை அளக்காத மாணவனுக்கு இந்தப் பாடம் தொடங்கவே இல்லை என்பேன்.

சரியாக அளந்தவனுக்கும் ஒரு தடை உண்டு. பெரிய பிஸ்டன்மேல் 1400 கிராம் வைத்தால் சின்னதன்மேல் 500 கிராம் போதும் என்கிறது கணக்கு. வைத்தால் அசையாது. ரப்பர் முனை சிரிஞ்சின் உட்சுவரைப் பிடித்துக்கொள்கிறது. சின்ன பிஸ்டனில் 2 நியூட்டன், பெரியதில் 4 நியூட்டன் உராய்வு இருந்தாலே, தூக்க ஏறத்தாழ 850 கிராம் தேவைப்படும். இதைப் பார்த்து விதியைச் சந்தேகிக்கவோ எண்ணைத் திருத்தவோ வேண்டாம். சின்னதன்மேல் வைத்த எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாரம் எப்போது இறங்கத் தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். இதே உராய்வுக்கு அது சுமார் 150 கிராமில் நடக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் உராய்வு எதிரெதிர்த் திசையில் இயங்குவதால், இரண்டின் சராசரி 500 கிராம்: கணக்கு சொன்ன அதே எண். இந்த ஒரு அளவீட்டுக்காகவே இந்த மாதிரியை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலான செய்முறை ஏடுகளில் இது இருப்பதில்லை.

உராய்வைத் தவிர இன்னொரு தொல்லை, உள்ளே சிக்கும் காற்றுக்குமிழி. அதை எளிதில் கண்டுபிடிக்கலாம். பெரிய பிஸ்டனை அசையாமல் பிடித்துக்கொண்டு சின்னதை அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பி எழும்பினால் காற்று இருக்கிறது. சிரிஞ்சுகளையும் குழாயையும் தண்ணீருக்குள் மூழ்கவைத்தே இணைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

மாதிரியின் எல்லை அதன் உயரத்தில் தெரியும். சின்ன பிஸ்டன் 4.4 சென்டிமீட்டர் இறங்கினால் பெரியது 1.6 சென்டிமீட்டர்தான் ஏறும். விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுக்கிறோம். கார் ஜாக்கி திரும்பத் திரும்ப அடித்து உயரத்தைச் சேர்க்கிறது; அதற்கு எண்ணெய்த் தொட்டியும் ஒருவழி வால்வுகளும் வேண்டும். அவை சிரிஞ்சில் கிடையாது. அந்தக் குறையை மறைக்கக் கத்தரி வடிவக் கைகளைப் பொருத்தி மேடையை உயரமாக எழுப்புகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கைகளின் கோணம் மாறமாற விசையும் மாறுவதால், பரப்பின் பங்கு எது, நெம்புகோலின் பங்கு எது என்று பிரிக்க முடியாமல் போகிறது.

ஆசிரியர்கள் மதிப்பெண்ணை மேடையின் உயரத்துக்குத் தராமல், வெர்னியர் அளவுக்கும் ஏற்ற இறக்க எடைகளுக்கும் தரவேண்டும்.