பேகன் மலையில் இருவகை மழை

இரு பாடல்களை ஒப்புநோக்கும் மாணவர் பலர், இரண்டிலும் ஒரே பொருள் உவமையாக வந்திருப்பதைக் கண்டதும் தம் பணி முடிந்ததெனக் கருதிவிடுகின்றனர். உண்மையில் பணி அவ்விடத்தில்தான் தொடங்குகிறது. ஒரே பொருள் இரு புலவர் கையில் எவ்வாறு வேறு வேறு வேலை செய்கிறது என்பதே ஆராயத்தக்க வினா. இதற்குப் பழனி மலையோடு தொடர்புடைய இரு புறப்பாடல்களை எடுத்துக்கொள்வோம். பரணர் பாடிய புறநானூற்று 142ஆம் பாடல் ஒன்று. கபிலர் பாடிய 143ஆம் பாடல் மற்றொன்று. இரண்டும் வையாவிக் கோப்பெரும் பேகனைப் பற்றியவை. இரண்டிலும் மழை வருகிறது.

பேகன் ஆவியர் குடித் தலைவன். பழனி மலைப்பகுதியை ஆண்டவன். குளிரால் நடுங்கியதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்தவன் எனப் புகழ்பெற்றவன். அவன் மனைவி கண்ணகி. சிலப்பதிகாரத்துக் கண்ணகியோடு இவளை மயக்குதல் ஆகாது. பேகன் இவளைத் துறந்திருந்தான் என்பதும், அது காரணமாகப் புலவர் சிலர் அவனிடம் சென்று பாடினர் என்பதும் 143 முதலாகத் தொடரும் பாடல்களின் குறிப்புகளால் தெரிகின்றன.

பரணரின் பாடல் ஆறே அடிகள் கொண்டது. வற்றிய குளத்தில் மழை பெய்கிறது; அகன்ற வயலிலும் பெய்கிறது; வேண்டிய இடத்திற்கு உதவாமல் உவர் நிலத்திற்கும் நீர் ஊட்டுகிறது. அம்மழையைப் போன்றவன் பேகன். கொடுப்பதில் அவன் ஆராயாதவனேயன்றிப் போரில் அறியாமை உடையவன் அல்லன் என்று பாடல் முடிகிறது. ஆராயாமல் கொடுக்கும் இயல்பைப் பரணர் ‘கொடைமடம்’ என்று சுட்டுகிறார். மடம் என்பது அறியாமை. ஈண்டு அது குறையாகக் கூறப்படாமல் புகழாகவே கூறப்படுகிறது.

எனினும் சொற்களை ஊன்றி நோக்குக. ‘உகுத்தும்’, ‘பொழிந்தும்’, ‘ஊட்டியும்’ என்று மழையின் மூன்று செயல்கள் உம்மையால் அடுக்கப்படுகின்றன. இவற்றின் நடுவே ‘உதவாது’ என்னும் எதிர்மறைச் சொல் ஒன்று நிற்கிறது. வரையறையின்றிக் கொடுப்பதைப் போற்றும் பாடல், அக்கொடை சில வேளை தேவைப்படும் இடத்தைத் தவறவிடும் என்பதையும் மறைக்கவில்லை. மேலும் குளம், வயல், உவர் நிலம் ஆகிய மூன்றும் சமவெளியைச் சார்ந்தவை. மலைத்தலைவனைப் பாட வந்த பரணர் மலையின் மழையைப் பாடவில்லை. உழவர் நாட்டு மழையையே உவமையாக்குகிறார். உவர் நிலத்தில் பெய்த நீர் வீணாகும் என்பதை அந்நாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை.

கபிலரின் பாடல் பதினைந்து அடிகள் கொண்டது. இதில் மழை உவமையாக வரவில்லை, நிகழ்ச்சியாக வருகிறது. குறவர் உயர்ந்த பலியைத் தூவி, மலையை முகில் சூழவேண்டும் என்று வேண்டுகின்றனர். பின்னர் மழை மிகுதியாகவே, மழை அடங்கி முகில் மேலே செல்லவேண்டும் என்று கடவுளைப் பரவுகின்றனர். பெயல் மாறுகிறது. மகிழ்ச்சியோடு சாரற் புனத்துத் தினையை உண்கின்றனர். இவ்வேண்டுதலில் முகில் ‘மேலே செல்க’ எனப்படுவது மலை வாழ்வோர் வழக்கு. சமவெளியில் முகில் எப்போதும் தலைக்கு மேலேதான் இருக்கும். பழனி மலைத்தொடரின் தென்விளிம்பிலுள்ள வட்டக்கானலில் நின்றவர்க்கோ, முகில் சரிவின்மீதே படிந்து சோலையையும் வீட்டையும் மூடும் என்பதும், மழை நின்றபின் அது மேலெழுந்து விலகும் என்பதும் கண்கூடு. கபிலரின் சொல் அந்நிலத்திலிருந்தே பிறந்தது.

இனி, இப்பாடலில் நீர் எங்கெங்கே வீழ்கிறது என்று பார்ப்போம். மழை வேண்டிய வேண்டுதல் இருக்கிறது. மழை நிற்க வேண்டிய வேண்டுதலும் இருக்கிறது. ஆனால் மழை பெய்த காட்சி கூறப்படவில்லை. வீழ்வதாகக் கூறப்படும் நீர் இரண்டே. ஒன்று, குறுந்தடியால் அடிக்கப்படும் முரசைப்போல் ஒலிக்கும் அருவி. மற்றொன்று, ஒரு பெண்ணின் கண்ணீர். வழிநடந்து வருந்திய சுற்றத்தார் பசித்திருக்க, கபிலர் நேற்று ஒரு சிற்றூர் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடினார். அப்பாட்டைக் கேட்டதும் அவள் அழுதாள். கண்ணீரை நிறுத்த அவளால் இயலவில்லை. அது மார்பை நனைத்தது. குழல் ஏங்குவதுபோல் அவள் விம்மினாள். முரசின் பேரொலிக்கு எதிரே குழலின் மெல்லொலி வைக்கப்பட்டிருப்பதும் கருதற்குரியது.

பாடலின் முற்பகுதியையும் பிற்பகுதியையும் இணைப்பது இம்முரணே. மிகுந்த மழை வேண்டுதலுக்கு இணங்கி நின்றது; கண்ணீர் நிற்கவில்லை. குறவர்க்குக் கடவுள் செவிசாய்த்தார். இவளுக்குச் செவிசாய்க்க வேண்டியவன் பேகன். இதனைக் கபிலர் வெளிப்படையாகக் கூறவில்லை. அவளை இரங்கத்தக்கவள் என்று சொல்லி, அவள் யாரோ என்று மட்டும் வினவுகிறார். பரணரின் பாடல் பேகனைப் படர்க்கையில் வைத்துப் பிறர்க்கு அறிவிக்கிறது. கபிலரோ ‘பேக’ என்று விளித்து அவன் முகத்தை நோக்கியே கேட்கிறார். ஆகவே அவ்வினாவுக்கு விடை கூறும் கடமை அவனுடையதாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இரு பாடல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர், பரணரின் ‘உதவாது’ என்னும் சொல் கண்ணகியையே குறிப்பதாக முடிவுகட்ட விரும்புவர். 142ஆம் பாடலில் அவளைப் பற்றிய சொல் ஒன்றும் இல்லை. இவை அடுத்தடுத்து நிற்பது தொகுத்தோரின் வரிசை. பாடப்பட்ட வரிசைக்கு அது சான்றாகாது. பரணர் வேறு பாடலில் அவளுக்காகப் பேகனிடம் பரிந்து பேசியிருப்பதும் உண்மையே. ஆயினும் அது அப்பாடலுக்குரிய பொருள். நாம் கூறத்தக்கது இவ்வளவே: வரையாத கொடை தேவையான இடத்தைத் தவறவிடக்கூடும் என்பதைப் பரணரின் உவமை தன்னுள் கொண்டிருக்கிறது, அத்தகைய ஓரிடத்தைக் கபிலரின் பாடல் நமக்குக் காட்டுகிறது.

இம்மழையைப் படிக்கும் நம்மவர்க்கு மத்தேயு 5:45 நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்விடத்தும் மழை பாகுபாடின்றிப் பெய்கிறது. ஆனால் ஒப்புமை அங்கேயே நின்றுவிடுகிறது. மலைப்பொழிவில் மழை பெறுவோர் நீதியுள்ளோரும் அநீதியுள்ளோருமாகப் பிரிக்கப்படுகின்றனர், அளவுகோல் ஒழுக்கம். பரணரிடத்தில் உவர் நிலம் தீயது அன்று. பயன் தராதது, அவ்வளவே. அளவுகோல் பயனும் தேவையும். முன்னதில் பாகுபாடற்ற மழை பகைவரிடத்தும் அன்புகூரும்படி கற்பிக்கிறது. பின்னதில் அது வள்ளலின் இயல்பைப் புகழ்கிறது. அருளுரையில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கூறுவோர் இரண்டு நூல்களுக்கும் ஊறு செய்வர்.

அவ்வளவுகோலைக் கபிலரின் பாடல் மீண்டும் நம்முன் வைக்கிறது. இரவலர்க்கும் மயிலுக்கும் குறைவின்றிக் கொடுத்தவன் நாட்டில், அவன் கொடைக்கு மிக உரியவள் ஒருத்தி பெறாமல் நின்றாள். அவள் அழுதது அவனைப் பழித்த சொல்லைக் கேட்டு அன்று. அவன் புகழ்ப்பாட்டைக் கேட்டே அழுதாள்.