ஒரு ‘a’ விடுபட்டதற்கு ஒரு மின்னஞ்சல்

நன்னிலத்தில் அரிசி ஆலை நடத்தும் எழிலரசி என்ற அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். ஆலையில் கறுப்பரிசி பிரிக்கும் கலர் சார்ட்டருக்கு, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறார். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் கண்ணில் படுகிறது: முதல் பக்கத்தில் Ezhilarasi என்பதற்குப் பதில் Ezhilarsi. மறுநாள் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. ஆழ்ந்த வருத்தம், தரத்தில் எங்களுக்குள்ள அக்கறை, இனி நேராது என்ற உறுதி என்று பத்து வரிகள் ஓடுகின்றன. எந்த எழுத்து எங்கே தவறியது, இப்போது என்ன எழுதப்போகிறார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இந்த மன்னிப்புக் கடிதப் பழக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தொலைபேசியில் “மாத்திடுறோம்மா” என்று சொன்னால் பேச்சோடு போய்விடும். மின்னஞ்சலில் தேதி இருக்கிறது, யார் ஒப்புக்கொண்டார் என்பது இருக்கிறது. தவறு தட்டச்சு செய்த தங்களுடையது, வாடிக்கையாளருடையதல்ல என்று எழுத்தில் ஏற்றுக்கொள்வது அவருக்குப் பிற்பாடு ஒரு சாட்சி.

குறை எங்கே என்றால், ‘சரியான எழுத்து’ என்று ஒன்று இருப்பதாக நம்பிக்கொண்டு எழுதுவதில். Ezhilarsi பிழைதான், ஐயமில்லை. ஆனால் Ezhilarasi, Ezhilarasy, Elilarasi மூன்றையும் நம் ஊரில் பார்க்கலாம். ழகரத்துக்கு zh போடுபவரும் உண்டு, l போடுபவரும் உண்டு, எண் சோதிடர் சொல்லி ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவரும் உண்டு. நன்னிலம் இருக்கும் மாவட்டத்தின் பெயரே Thiruvarur, Tiruvarur என்று இரண்டு விதமாகப் பலகைகளில் நிற்கிறது. 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. எழுந்த சர்ச்சையில் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசுக்கே பிடிபடாத விதியைக் கோயம்புத்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. அவருடைய எழுத்து எது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டாலும் விடை ஒன்றாக வராது. வங்கிப் புத்தகத்தில் R EZHILARASI. பான் அட்டையில் தலைப்பெழுத்துக்கு இடமில்லாததால் தந்தை பெயரை விரித்து EZHILARASI RAMAIYAN. இரண்டுமே அவர்தான். எனவே மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய அம்மா, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரை Ezhilarsi என்று தவறாக அச்சிட்டுவிட்டோம். தவறு எங்களுடையது, மன்னிக்கவும். பான் அட்டையில் உள்ளபடி EZHILARASI RAMAIYAN என்று திருத்த இருக்கிறோம். இது சரிதானா, எழுத்தெழுத்தாகப் பார்த்து ‘சரி’ என்று பதில் எழுதுங்கள். கையெழுத்துப் பக்கத்திலும் ரசீதிலும் இதே எழுத்துதான் வரும்.”

மன்னிப்பு ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் நீட்டினால் படிப்பவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். எழுதியவர் அனுப்புமுன் விளிப்பையும் தலைப்பையும் இணைப்புக் கோப்பின் பெயரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய கோப்பிலிருந்து நகலெடுத்த Ezhilarsi அங்கேதான் ஒளிந்திருக்கும். மன்னிப்புக் கடிதத்திலேயே பெயர் பிழைப்பதுபோல் மானம் போகிற காரியம் வேறில்லை.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மின்னஞ்சல் அனுப்பியதோடு ஒப்பந்தம் திருந்திவிட்டது என்று நினைப்பது. ஆள் யாரென்று முகவரியாலும் கையெழுத்தாலும் ஐயமின்றித் தெரிந்தால், ஓர் எழுத்துப் பிழைக்காக ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாமல் போய்விடாது. இரு தரப்புத் தவறால் ஆவணம் உண்மையான நோக்கத்தைச் சொல்லாமல் போனால் அதைத் திருத்த 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 26ஆம் பிரிவில், நீதிமன்றத்துக்கு வழி தந்திருக்கிறது. இவ்வளவு சிறிய பிழைக்கு அந்தப் படி ஏற யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் இரண்டு பிரதிகளிலும் பிழையை ஒரு கோட்டால் அடித்து, மேலே சரியான பெயரை எழுதி, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுவதே எளிய வழி. அல்லது இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் திருத்த உடன்படிக்கை.

பல அலுவலகங்கள் செய்வது வேறு. முதல் பக்கத்தை மட்டும் புதிதாக அச்சிட்டு, பழைய தேதியோடு, பழைய கையெழுத்துப் பக்கத்தின் முன் செருகி, “திருத்திய ஒப்பந்தம் இணைப்பில்” என்று அனுப்பிவிடுகின்றன. நல்லெண்ணத்தில் செய்தாலும், நாளைக்குத் தகராறு வந்தால் பக்கம் மாற்றப்பட்டது என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். அப்போது, மன்னிப்புக் கேட்ட அதே மின்னஞ்சல் அதற்கு ஆதாரமாகிவிடும். அப்படி ஓர் இணைப்பு வந்தால், நன்னிலத்து அம்மா ‘சரி’ என்று பதில் எழுதக் கூடாது.