தகப்பனார் முன்னே, பெயர் பின்னே

தீவகத்து ஆசிரியர் ஐவரின் பெயர்களை ஐந்து அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு அகரவரிசைப்படுத்த உட்காருகிறவன், இது ஐந்து நிமிஷ வேலை என்று எண்ணித் தொடங்கி, ஒரு நாழிகை கழிந்த பின்னரும் முதலட்டை எது என்று தீர்மானிக்க மாட்டாமல் இருப்பதைக் காணலாம். அட்டைகள் இவை: வேலணையிற் பிறந்து, ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்திலும் வீற்றிருந்த பண்டிதர் கா. பொ. இரத்தினம், புங்குடுதீவு தந்த மு. தளையசிங்கம், அவருடைய தம்பியார் மு. பொன்னம்பலம், அதே ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினம், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்த சேவியர் எஸ். தனிநாயகம் அடிகள். ஐவரும் தமிழர், ஐவரும் தீவார். ஆயினும் ஐந்து பெயர்களும் ஒரே விதியின் கீழ் அடங்குவனவல்ல.

நம்மவர் பெயரின் அமைப்பை முதலில் நினைவுகூர வேண்டும். ஐரோப்பியரிடம் உள்ளதுபோலத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் நம்மிடையே பொதுவழக்கில் இல்லை. ஒருவருடைய பெயர் அவருக்கே உரியது. அதன் முன் நிற்கும் எழுத்து, அவர் இன்னாருடைய பிள்ளை என்பதை மாத்திரம் குறிப்பது. அவருக்குப் பிள்ளை பிறந்ததும் அவருடைய பெயர் ஓரெழுத்தாய்ச் சுருங்கிப் பிள்ளையின் பெயருக்கு முன்னே போய் நிற்கும். பழைய எழுத்து, பாட்டனார் பெயரையும் சேர்த்தெழுதும் சிலரிடத்தில் இன்னும் ஒரு தலைமுறை தங்கியிருந்துவிட்டு மறையும். ஆகவே முதலெழுத்து என்பது நிலையான குலச்சின்னமன்று, ஒரு தலைமுறையளவே நிற்கும் உறவுக்குறிப்பு. இதை மறந்து செய்யப்படும் எந்த வரிசையும் எங்கேனும் ஓரிடத்தில் முறிந்தே தீரும்.

நூல்களின் இறுதியிற் சேர்க்கப்படும் துணைநூற் பட்டியல்கள் பலவற்றில் முதலெழுத்தையே ஆதாரமாகக் கொண்டு வரிசைப்படுத்தும் வழக்கத்தைக் காண்கிறோம். அவ்வாறு செய்தால் நம் ஐந்து அட்டைகளும் கா. பொ. இரத்தினம், சு. வில்வரத்தினம், சேவியர் எஸ். தனிநாயகம், மு. தளையசிங்கம், மு. பொன்னம்பலம் என்று நிற்கும். இவ்வழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. நூலின் முகப்பில் எவ்வாறு அச்சிடப்பட்டிருக்கிறதோ அவ்வாறே பெயர் பட்டியலிலும் நிற்கிறது. எது பெயர், எது தகப்பனார் பெயர் என்று தொகுப்பவர் ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து நிற்கும் ஓர் இனிய விளைவும் இதில் உண்டு. புங்குடுதீவின் இலக்கியக் குடும்பம் ஒன்றை ஆராய்பவனுக்கு அது தற்செயலாய்க் கிடைக்கும் உதவி.

ஆனால் அந்த உதவி எவ்வளவு பலவீனமானது என்பது, முதலெழுத்தைத் தமிழில் எழுதாமல் ஆங்கில எழுத்தின் ஒலிப்பெயராக எழுதிய மாத்திரத்தில் வெளிப்படும். ‘மு.’ என்பது ‘எம்.’ என்றும், ‘சு.’ என்பது ‘எஸ்.’ என்றும், ‘கா. பொ.’ என்பது ‘கே. பி.’ என்றும் மாறினால், கடைசியில் நின்ற சகோதரர் இருவரும் பட்டியலின் தலைக்கே ஏறிவிடுவர். முதலில் நின்ற பண்டிதர் நான்காம் இடத்துக்கு இறங்குவார். ஆள் மாறவில்லை, நூல் மாறவில்லை; அச்சகத்தார் விரும்பிய எழுத்து மாறிற்று, அவ்வளவே. நூலுக்கு நூல் வெவ்வேறாக அச்சிடப்பட்ட ஆசிரியர் ஒருவர், ஒரே பட்டியலில் இருவராய்ப் பிளந்து கிடப்பதும் இதனால் நேர்வதே. மேலும், ஆங்கில எழுத்துக்களுள் எஃப், எல், எம், என், எஸ், எக்ஸ் ஆகிய ஆறும் தமிழில் எழுதப்படும்போது எகரத்திலேயே தொடங்குவன. ஆதலால் இத்தகைய பட்டியலில் எகரப் பகுதி சந்தைக்கடைபோல் நெருக்கடியுற, ஏனைய பகுதிகள் வெறிச்சோடிக் கிடக்கும். ச முதல் சௌ வரை பன்னிரண்டு இடங்களிற் பிரிந்து நின்றிருக்கக்கூடிய தகப்பன்மார் அனைவரும் ‘எஸ்’ என்னும் ஒரே கூரையின் கீழ் ஒடுங்குவதும் சிறிய நஷ்டமன்று.

இதனினும் பெரிய குறை பெண் எழுத்தாளர் விஷயத்திலே தோன்றுவது. விவாகத்துக்கு முன் தகப்பனார் எழுத்தோடும், பின் கணவர் எழுத்தோடும் எழுதிய ஓர் அம்மையாரின் நூல்கள், முதலெழுத்து வரிசையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற இரு மூலைகளிற் போய் விழும். அவருடைய சொந்தப் பெயர் மாத்திரம் இரு காலத்தும் மாறாமல் இருந்தது. அதைத்தான் இம்முறை கணக்கிலெடுப்பதில்லை.

ஆகவே சொந்தப் பெயரையே ஆதாரமாகக் கொள்வது தகும் என்பது என் அபிப்பிராயம். நூலகத்துறை அறிஞர்களும் அவ்விடத்துக்கே வந்து சேர்ந்தனர். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து 1934இல் தமது பட்டியலாக்க விதிகளை வெளியிட்ட ரங்கநாதனுடைய பெயரே இதற்கு நல்ல உதாரணம். சியாளி இராமாமிர்த ரங்கநாதன் என்ற அப்பெயரில் சியாளி ஊர், இராமாமிர்தம் தகப்பனார், ரங்கநாதனே ஆள்; பட்டியலில் அவர் ரகரத்திலே நிற்பார், மற்றவை பின்னே அடைப்புக்குறிக்குள் செல்லும். 1961இல் பாரிஸ் நகரிற் கூடிய சர்வதேச மகாநாடும், ஒருவர் பெயரின் எப்பகுதி முதலில் வரவேண்டும் என்பதை அவரவர் தேசத்து வழக்கே தீர்மானிக்க வேண்டும் என ஒப்புக்கொண்டது.

இம்முறையில் நம் ஐவரும் இரத்தினம், தளையசிங்கம், தனிநாயகம், பொன்னம்பலம், வில்வரத்தினம் என்று நிற்பர். ‘பண்டிதர்’, ‘அடிகள்’, ‘வித்துவான்’ முதலிய பட்டங்களை வரிசையிற் கணக்கிடலாகாது; கணக்கிட்டால் பகரப் பகுதி முழுவதும் பண்டிதர் சபையாகிவிடும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன என்னும் நான்கும் இறுதியில் அம்முறையே வருவன. ஆகவே ளகரம் பெற்ற தளையசிங்கம் முன்னும், னகரம் பெற்ற தனிநாயகம் பின்னும் நிற்பதே கிரமம். கணினியின் ஒருங்குறி எண்வரிசையிலோ னகரம் நகரத்தின் அருகிலே வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் வரிசை கற்பிக்கப்படாத நிரல் தனிநாயகத்தை முன்னே தள்ளிவிடும். ஒரு தீவகப் பட்டியல் கண்ணாற் பார்த்து வரிசைப்படுத்தப்பட்டதா, இயந்திரத்தின் போக்கில் விடப்பட்டதா என்பதை இவ்விரு பெயர்களின் நிலை கொண்டே அறிந்துவிடலாம்.

சொந்தப் பெயர் முறைக்கும் குறைகள் உண்டு. ‘இரத்தினம்’ என்று எழுதுவோர் இகரத்திலும் ‘ரத்தினம்’ என்று எழுதுவோர் ரகரத்திலும் தேடுவர். ஓரிடத்தில் நூல்களை வைத்து, மற்றையிடத்தில் ‘பார்க்க’ என்று ஒரு வரி இட்டாலன்றி வாசகர் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்புவர். கந்தையாக்களும் பொன்னம்பலங்களும் மலிந்த நாட்டிலே பெயர் ஒன்றே ஆளை அடையாளங் காட்டாது. அப்போது முதலெழுத்து இரண்டாம் வரிசை ஆதாரமாக வந்து உதவ வேண்டியிருக்கிறது. ஆனால் மு. கந்தையா இருவர் இருப்பின், ஒருவர் முருகேசர் மகனா, மற்றவர் முத்தையர் மகனா என்பதை அவ்வெழுத்து ஒருபோதும் சொல்லாது. ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் சேகரித்து வரும் நூலகம் நிறுவனம், ஆளுமைகளின் தலைப்பிலே பெயரை முன்னும் தகப்பனார் பெயரை விரித்துப் பின்னும் எழுதுவது இச்சங்கடத்துக்கு நல்ல மருந்து.

பெயரை இவ்வாறு முன்னே கொணர்கையில் இடப்படும் காற்புள்ளியைப் பற்றி மாத்திரம் எனக்கு ஒரு சிறு மனக்குறை. ‘தளையசிங்கம், மு.’ என்று திருப்பி எழுதுவது, குடும்பப்பெயரை முன்னிழுத்து எழுதும் மேல்நாட்டாரின் வழக்கு. அவ்வடையாளத்தைக் கண்ட அயலான், தளையசிங்கம் என்பது பரம்பரைப் பெயர் என்றே பொருள்கொள்வான். எங்கே வரிசைப்படுத்துவது என்பது ஒன்று, எப்படி எழுதிக் காட்டுவது என்பது வேறொன்று. ‘மு. தளையசிங்கம்’ என்று இயல்பாகவே அச்சிட்டு, தளையசிங்கம் என்ற சொல்லைத் தடித்த எழுத்திலாக்கித் தகரத்தின் கீழ் வைத்தால் வரிசையும் கெடாது, பெயரும் தலைகீழாகாது. வெளிநாடு சென்ற தீவார் நிலைமை இதற்கு நேர்மாறானது: அங்கே தகப்பனார் பெயரே குடும்பப்பெயராய் இறுதியில் நிற்கக் கட்டாயப்படுத்தப்படுவதால், ‘கடைசிச் சொல்லே பெயர்’ என்னும் குருட்டு விதி அவர்களிடத்தில் மகனைத் தேடித் தகப்பனைப் பிடித்துவரும்.

எவ்விதிக்கும் அடங்காதவர் தனிநாயகம் அடிகள். சேவியர் என்பதே அவருடைய ஞானஸ்நானப் பெயர்; தனிநாயகம் என்பது பிற்காலத்தில் அவர் தாமே முன்னோரை நினைந்து மேற்கொண்டது. சொந்தப் பெயர் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் அவரைச் சகரத்தில் வைக்க வேண்டும். தமிழ் வாசகன் எவனும் அங்கே தேடமாட்டான். ஆங்கிலத்தில் அவர் தம் பெயரைத் தனி, நாயகம் என இரு சொற்களாகப் பிரித்தெழுதியமையால், அயல்நாட்டுப் பட்டியல்காரன் பின்சொல்லை மாத்திரம் பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. தமிழியல் நூல்களுக்கு 1966இல் கோலாலம்பூரிலிருந்து ஒரு வழிகாட்டிப் பட்டியலையே தொகுத்தளித்தவரின் பெயர் பட்டியல்காரரை இவ்வாறு திகைக்கச் செய்வது விநோதமே. இங்கே பெயரின் இலக்கணத்தை விட்டு, ஆசிரியர் எப்பெயரால் அறியப்பட்டாரோ அதையே கொள்ள வேண்டும்.

இன்னுமொன்று. மு. பொன்னம்பலம் ‘மு. பொ.’ என்றும் எழுதியவர். அவரிடத்தில் ‘பொ.’ என்பது அவரே, கா. பொ. இரத்தினத்திடத்தில் அதே எழுத்து, அதே இரண்டாம் ஸ்தானத்தில், அவருடைய தகப்பனார். இதை எந்த விதியும் கண்டுபிடிக்காது. அறிந்தவர் ஒருவர் அருகிருந்து சொல்ல வேண்டும். அறிந்தவர்கள் தீவகத்தில் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். ஆதலால் நூல் வெளியிடும் தீவக அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: முகப்பில் எப்பெயரை விரும்பினும் அச்சிடுங்கள், அதன் பின்பக்கத்தில், சிறிய எழுத்திலாயினும், தகப்பனார் பெயரை விரித்து, ஊரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து ஒரு முறை எழுதிவிடுங்கள்.